262-ஆம் எண் கடைக்குப் பத்து எண்கள்

ஜெர்மனியில் சோப்பு, ஷாம்பு, பற்பசை, குழந்தைகளுக்கான டயப்பர் என்று வீட்டுக்கு வேண்டியதை விற்கும் ஒரு கடைத்தொடர் இருக்கிறது. பெயர் ரோஸ்மன். 2015-இல் அந்த நிறுவனம் தன் 1,115 கடைகளின் விற்பனைக் கணக்கை காகிள் என்ற இணையப் போட்டித் தளத்தில் வைத்து, அடுத்த ஆறு வாரத்தில் எந்தக் கடை எந்த நாளில் எவ்வளவு விற்கும் என்று கணித்துச் சொல்லும்படி கேட்டது. நாளைக்குக் கூட்டம் வருமா வராதா என்று முன்கூட்டியே தெரிந்தால்தானே மேலாளர் ஆட்களை வேலைக்கு வரச் சொல்ல முடியும்?

போட்டியில் கொடுக்கப்பட்ட கணக்கு 2013 ஜனவரி 1-இல் தொடங்கி 2015 ஜூலை 31-இல் முடிகிறது. மொத்தம் 10,17,209 வரிகள். ஒரு வரி என்பது ஒரு கடையின் ஒரு நாள். முதல் வரி இப்படிச் சொல்கிறது: கடை 1, வாரத்தின் ஐந்தாம் நாளான வெள்ளி, தேதி 2015 ஜூலை 31, விற்பனை 5,263, வந்தவர்கள் 555 பேர், கடை திறந்திருந்தது, தள்ளுபடி இருந்தது, பள்ளி விடுமுறை.

இதில் மற்றதெல்லாம் பார்த்தவுடன் புரிந்துவிடும். சிக்கல் ‘கடை 1’ என்பதில்தான். அது எண் போலத் தோன்றினாலும் எண் இல்லை, பெயர். 47 நம்பர் பஸ் 23 நம்பர் பஸ்ஸைவிட இரண்டு மடங்கு நீளமும் இல்லை, இரண்டு மடங்கு வேகமும் இல்லை. 262-ஆம் எண் கடையும் அப்படித்தான். ஆனால் நியூரல் நெட்வொர்க்குக்குத் தெரிந்ததெல்லாம் வந்த எண்ணை ஒரு எடையால் பெருக்கி, கூட்டி, அடுத்த அடுக்குக்கு அனுப்புவதுதான். அதனிடம் 262 என்று கொடுத்தால், 1-ஆம் கடையைப் போல 262 மடங்கு என்றே எடுத்துக்கொள்ளும். 261-ஆம் கடையும் 262-ஆம் கடையும் ஏறத்தாழ ஒன்று என்றும் நினைத்துக்கொள்ளும். உண்மையில் 262-ஆம் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் அபூர்வமான கடைகளில் ஒன்று. ஜெர்மனியில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகளுக்குப் பூட்டுதான். எண்ணில் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக வியாபாரத்திலும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இப்படிப் பெயராக மட்டும் பயன்படும் எண்களும் சொற்களும் நிரம்பிய நெடுவரிசைகள் எந்த அலுவலக அட்டவணையிலும் இருக்கும்: வாடிக்கையாளர் எண், பொருள் குறியீடு, பின்கோடு, கிளை எண். ஆண்/பெண், ஆம்/இல்லை என்று இரண்டு மூன்று மதிப்போடு நிற்கும் நெடுவரிசை தொல்லை தராது. ஆயிரம், பத்தாயிரம், லட்சம் என்று வேறு வேறு மதிப்புகள் உள்ளதுதான் தலைவலி.

பழைய வழி ஒன்று உண்டு. அதற்கு ஒன்-ஹாட் என்று பெயர். கடை எண் என்ற ஒரு நெடுவரிசையை எடுத்துவிட்டு, கடைக்கு ஒன்றாக 1,115 நெடுவரிசைகளை வைக்க வேண்டும். 262-ஆம் கடையின் வரியில் 262-ஆவது இடத்தில் மட்டும் 1, மற்ற எல்லா இடத்திலும் 0. பெரிது, சிறிது என்ற பொய் இதில் ஒழிந்துவிடுகிறது. ஆனால் எந்த இரண்டு கடைக்கும் இடையே தூரம் ஒன்றேதான் என்றும் ஆகிவிடுகிறது. ரயில் நிலையத்தில் இருக்கும் இரண்டு கடைகளும் ஒன்றுக்கொன்று அந்நியம், ரயில் நிலையக் கடையும் கிராமத்துக் கடையும் அதே அளவுக்கு அந்நியம். ஒரு கடையிடம் கற்ற பாடத்தை அதைப் போன்ற இன்னொரு கடைக்குக் கடத்த வழியே இல்லாத ஏற்பாடு இது.

இந்தப் போட்டியில் மூன்றாம் இடம் பிடித்த குழு நியூரல் நெட்வொர்க்கைப் பயன்படுத்தியது. முன்னணியில் இருந்த பலர் முடிவு மரங்களை அடுக்கும் முறைகளைக் கையாண்டார்கள். மூன்றாம் இடத்துக் குழுவைச் சேர்ந்த செங் குவோ, ஃபெலிக்ஸ் பெர்க்ஹான் இருவரும் தாங்கள் செய்ததை 2016-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். அட்டவணைத் தரவுக்கு எம்பெடிங் அடுக்கைப் பயன்படுத்துவது பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தக் கட்டுரையைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அவர்கள் செய்ததைச் சொன்னால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். 1,115 வரியும் பத்து நெடுவரிசையும் கொண்ட ஓர் அட்டவணை. ஒவ்வொரு கடைக்கும் ஒரு வரி, ஒரு வரியில் பத்து எண்கள். தொடக்கத்தில் அந்த எண்கள் எல்லாம் தற்செயலாக நிரப்பியவை, அர்த்தமே இல்லாதவை. கடை எண் வந்ததும் அந்த எண்ணுக்குரிய வரியை எடுத்து, அதிலுள்ள பத்து எண்களை வலையின் அடுத்த அடுக்குக்குக் கொடுக்க வேண்டும். எம்பெடிங் அடுக்கு என்பது இந்த அட்டவணைதான். வலையின் மற்ற எடைகளைப் போலவே இந்தப் பத்து எண்களும் பயிற்சியின்போது திருத்தப்படும் என்பதுதான் விஷயம்.

முதல் வரியையே நடத்திப் பார்ப்போம். கடை 1 என்பதற்கு அட்டவணையிலிருந்து பத்து எண்கள் வருகின்றன. கிழமைக்கும் தனியாக ஓர் அட்டவணை. வெள்ளிக்கு ஆறு எண்கள். மாதத்தின் தேதி 31-க்குப் பத்து, ஜூலைக்கு ஆறு, ஆண்டுக்கு இரண்டு, தள்ளுபடிக்கு ஒன்று, கடை இருக்கும் மாநிலத்துக்கு ஆறு. எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டினால் 41 எண்கள். இது ஆயிரம் நியூரான் கொண்ட ஓர் அடுக்குக்கும், அங்கிருந்து ஐந்நூறு கொண்ட இன்னோர் அடுக்குக்கும் போகிறது. கடைசியில் ஒரே ஒரு எண் வெளியே வருகிறது: கணிக்கப்பட்ட விற்பனை. 4,800 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மை 5,263. குறைந்துபோன 463-க்கு யார் யார் எவ்வளவு பொறுப்பு என்று வலை பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எல்லா எடைகளையும் கொஞ்சம் நகர்த்துகிறது. அந்தக் கணக்கு கடைகளின் அட்டவணைக்கு வரும்போது 1-ஆம் கடையின் பத்து எண்களை மட்டும் தொடுகிறது. மற்ற 1,114 கடைகளுக்கு இந்தப் பிழையில் பங்கு பூஜ்யம்.

எழுதிப் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பைடார்ச்சில் இரண்டு அட்டவணை மட்டும்:

```python
import torch
from torch import nn

store = nn.Embedding(1116, 10)
dow = nn.Embedding(8, 6)

x = torch.cat([store(torch.tensor([1])),
               dow(torch.tensor([5]))], dim=1)
print(x.shape)   # torch.Size([1, 16])
```

1,115 கடைகளுக்கு எதற்கு 1,116 வரிகள்? 0 என்ற வரியை ‘யாரென்று தெரியாதவர்’ என்பதற்காக ஒதுக்கியிருக்கிறேன். அதன் கதை பின்னால் வருகிறது.

எம்பெடிங்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் அதை ஏதோ மந்திரம் போலச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. கணக்குப்படி பார்த்தால் இது ஒன்-ஹாட்டேதான். ஒரே ஓர் இடத்தில் 1 உள்ள வரிசையை ஓர் அட்டவணையால் பெருக்கினால் அந்த இடத்துக்குரிய வரி அப்படியே வெளியே வரும். அதனால் பெருக்காமல் நேராகப் போய் எடுத்துக்கொள்கிறோம். ஒன்-ஹாட் நெடுவரிசைகளை ஆயிரம் நியூரான் அடுக்கில் நேரடியாக மாட்டினாலும், ஒவ்வொரு கடைக்கும் ஆயிரம் எண் கொண்ட ஒரு வரி தானாகவே உருவாகியிருக்கும். வேறுபாடு அகலத்தில் இருக்கிறது. அங்கே கடைகளுக்கு மட்டும் 11,15,000 எடைகள். இங்கே அட்டவணையில் 11,150, அதை ஆயிரம் நியூரானோடு இணைக்க 10,000, ஆகமொத்தம் 21,150. ஆயிரம் எண் கொடுத்தால் ஒவ்வொரு கடையும் தன் கதையைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளலாம். பத்தே எண்ணுக்குள் அடங்கு என்று நெருக்கும்போது, ஒரே மாதிரி நடக்கிற கடைகள் ஒரே மாதிரி எண்களைப் பெற்றாக வேண்டும். கடைகளுக்கிடையே உறவு பிறப்பது இந்த நெருக்கடியில்.

அப்படியானால் எத்தனை எண் கொடுப்பது? திட்டவட்டமான விடை கிடையாது. ஃபாஸ்ட்ஏஐ நூலகத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது:

```python
min(600, round(1.6 * n_cat**0.56))
```

1,115 கடைகளுக்கு இது 81 என்று சொல்கிறது. போட்டிக் குழு வைத்ததோ 10. இரண்டும் வேலை செய்யும் என்பதே, இதில் நுட்பமான விதி எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்பதற்குச் சான்று. ஒரு கடைக்கு எத்தனை வரி தரவு இருக்கிறது என்பதை முதலில் பார்ப்பதுதான் என் பழக்கம். ரோஸ்மனில் 935 கடைகளுக்கு ஏறத்தாழ 942 நாள் கணக்கும் இருக்கிறது. 180 கடைகளுக்கு 2014-இன் பின்பாதி இல்லை. ஆனாலும் 758 நாள் மிஞ்சுகிறது. அத்தனை வரி இருக்கும்போது பத்து எண் தாங்கும், ஐம்பதும் தாங்கும். கடைக்கு இருபது வரிதான் என்றால் ஐம்பது எண் என்பது மனப்பாடத்துக்கு இடம் கொடுப்பது. இதன் கடைக்கோடி பில் எண். ஒவ்வொரு பில்லும் ஒரே முறைதான் வரும் என்பதால், அந்த நெடுவரிசைக்கு எம்பெடிங் வைத்தால் வலை பயிற்சித் தரவை ஒப்பிப்பதைத் தவிர எதையும் கற்காது.

குவோ, பெர்க்ஹான் கட்டுரையில் எல்லோருக்கும் நினைவில் நிற்பது ஒரு படம். ஜெர்மனியின் 16 மாநிலங்களில் 12 இந்தத் தரவில் வருகின்றன. எந்தக் கடை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதை ரோஸ்மன் சொல்லவில்லை. விடுமுறை நாட்களை ஒப்பிட்டுப் போட்டியாளர்களே ஊகித்துச் சேர்த்த செய்தி அது. பயிற்சி முடிந்தபின், மாநிலத்துக்கு ஆறாக இருந்த எண்களை இரண்டாகச் சுருக்கித் தாளில் புள்ளி வைத்தார்கள். புள்ளிகள் விழுந்த இடம் ஜெர்மனியின் வரைபடத்தை ஒத்திருந்தது. வலைக்கு நிலவியல் எதுவும் சொல்லித்தரப்படவில்லை. பக்கத்து மாநிலங்களில் மக்கள் பொருள் வாங்கும் போக்கு ஒன்றுபோல் இருந்திருக்கிறது. வலை விற்பனையை மட்டும் பார்த்து அவற்றைப் பக்கத்தில் வைத்திருக்கிறது.

அழகான படம்தான். ஆனால் ஆறு எண்ணில் முதலாவது வடக்கு-தெற்கு, இரண்டாவது பணக்காரர்-ஏழை என்று பொருள் சொல்லத் தொடங்கினால் ஏமாந்துபோவோம். அதே தரவை மறுபடி பயிற்றுவித்தால் எண்கள் முற்றிலும் வேறாக வரும். யார் யாருக்குப் பக்கம் என்பது மட்டும்தான் ஓரளவுக்கு நிலைக்கும்.

அந்தக் கட்டுரையில் படத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. கற்று முடித்த அட்டவணைகளை அவர்கள் வலையிலிருந்து கழற்றி, பழைய முறைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பழைய முறைகளில் மிக எளியது, இதைப் போன்ற முந்தைய நாட்களைத் தேடி அவற்றின் சராசரியைச் சொல்வது. ‘போன்ற’ என்பதற்குத் தூரம் அளக்கத் தெரிய வேண்டும். கடை எண்ணை வைத்துக்கொண்டு தூரம் அளந்தால் அபத்தம்தான் வரும். எம்பெடிங் எண்களைக் கொடுத்ததும் அந்த எளிய முறையின் பிழை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. முடிவு மரங்களும் முன்னேறின. மரங்களை நம்புகிறவர்கள் மரத்தை விடாமலே இந்தப் பயனை எடுத்துக்கொள்ளலாம்.

இனி, இது எங்கே கவிழும் என்று பார்ப்போம். முதல் விபத்து சத்தமே போடாது. அட்டவணையில் வரிகள் 0, 1, 2 என்று தொடர்ச்சியான எண்களால் அழைக்கப்படுகின்றன. தரவில் பின்கோடோ பொருள் குறியீடோ இருந்தால் அதை முதலில் இப்படி எண்ணாக்கிக்கொள்ள வேண்டும். பாண்டாஸில் `astype("category").cat.codes` என்று ஒரே வரியில் முடியும். பயிற்சிக் கோப்புக்கு ஒருமுறை, சோதனைக் கோப்புக்கு ஒருமுறை என்று தனித்தனியாக இதைச் செய்கிறவர்கள் பலர். ரோஸ்மனின் சோதனைக் கோப்பில் 856 கடைகள்தான் இருக்கின்றன. அதில் 1-ஆம் கடை உண்டு, 2 இல்லை, 3 உண்டு, 4, 5, 6 இல்லை, 7 உண்டு. தனித்தனியாக எண்ணிட்டால் சோதனைக் கோப்பில் 3-ஆம் கடைக்கு 1 என்ற எண் கிடைக்கும். பயிற்சியில் அந்த எண் 2-ஆம் கடையுடையது. 7-ஆம் கடைக்கு 2 கிடைக்கும். அது பயிற்சியில் 3-ஆம் கடை. முதல் கடையைத் தவிர ஏறத்தாழ எல்லாக் கடையும் வேறொரு கடையின் பத்து எண்களைப் போட்டுக்கொண்டு நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. எண்கள் வரும், பார்க்க விற்பனை போலவே இருக்கும், தப்பாக இருக்கும். சரிபார்ப்பில் நன்றாக இருந்த மாதிரி உண்மையான கோப்பில் திடீரென்று மோசமானால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். பயிற்சியின்போது செய்த எண்ணிடும் பட்டியலையும் மாதிரியோடு சேர்த்துச் சேமித்து, அதையே எங்கும் பயன்படுத்துவதுதான் மருந்து.

இரண்டாவது விபத்துக்கு ரோஸ்மன் நல்ல உதாரணம் இல்லை. அங்கே எல்லாக் கடைக்கும் போதுமான வரி இருக்கிறது. அதே 2015-இல் போர்ச்சுகலின் போர்ட்டோ நகர டாக்சிகள் எங்கே போய் நிற்கும் என்று கணிக்கும் போட்டி ஒன்று நடந்தது. அதை வென்ற மாண்ட்ரியல் குழுவும் எம்பெடிங்கைத்தான் பயன்படுத்தியது. அந்தத் தரவில் போன் செய்து டாக்சி கூப்பிட்ட வாடிக்கையாளர் எண்கள் சுமார் 57,000. ஒருவருக்குச் சராசரியாகப் பத்துப் பயணம்கூடத் தேறாது. ஒரே ஒரு முறை கூப்பிட்டவர்களும் உண்டு. அப்படிப்பட்டவரின் வரியைப் பயிற்சி எத்தனை முறை தொடும்? ஏறத்தாழ அவர் தரவில் வந்த அளவுக்கு மட்டும். அதனால் அவருடைய எண்கள் தொடக்கத்தில் தற்செயலாக நிரப்பிய அதே எண்களாகக் கிட்டத்தட்ட நின்றுவிடும்.

இங்கே எந்த நூலகத்தில் எழுதுகிறோம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. கேராஸ் தொடக்க எண்களை −0.05-க்கும் 0.05-க்கும் நடுவில் வைக்கிறது. பத்து எண் உள்ள வரியின் நீளம் 0.09-ஐ ஒட்டித்தான் வரும். பயிற்சி பெறாத வரி கிட்டத்தட்டப் பூஜ்யமாக, வாய் திறக்காமல் இருக்கும். பைடார்ச்சின் `nn.Embedding` அப்படியில்லை. சராசரி 0, விலக்கம் 1 உள்ள பரவலிலிருந்து எடுப்பதால், பத்து எண் வரியின் நீளம் 3-ஐ ஒட்டி வரும். ஒருமுறை மட்டும் வந்த வாடிக்கையாளரின் வரி அடுத்த அடுக்கை உரத்த குரலில் அர்த்தமில்லாமல் அதட்டும். தொடக்க எண்களைச் சிறிதாக்கிக்கொள்ள ஒரு வரி போதும்:

```python
nn.init.normal_(store.weight, std=0.01)
```

அதன்பின் பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு வரியின் நீளத்தையும் அது தரவில் வந்த எண்ணிக்கையோடு வைத்துப் பாருங்கள். அடிக்கடி வந்தவை நீண்டிருக்கும், அரிதானவை 0 பக்கத்திலேயே கிடக்கும். எந்த எண்ணிக்கைக்குக் கீழே கற்றல் நடக்கவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். அந்த எல்லைக்குக் கீழே உள்ளவர்களையெல்லாம் ‘மற்றவர்’ என்று 0-ஆம் வரிக்குத் தள்ளிவிடலாம். இதில் இரட்டை லாபம். அரிதானவர்கள் சேர்ந்து ஒரு நல்ல பொதுவான வரியைக் கற்றுக்கொள்கிறார்கள். பயிற்சியில் வராத புது ஆள் வந்தாலும் அதே வரி கைகொடுக்கிறது. 0-ஆம் வரியை ஒதுக்கி வைத்துவிட்டு அதற்குப் பயிற்சியே கொடுக்காமல் விடுகிறவர்கள் உண்டு. அது தற்செயல் எண்களாகவே கிடக்கும். ‘மற்றவர்’ என்று தள்ள யாரும் இல்லாத ரோஸ்மன் போன்ற தரவில், பயிற்சியின்போது நூற்றுக்கு ஓரிரு வரிகளில் கடை எண்ணை மறைத்து 0 என்று கொடுத்தால் போதும். 0-ஆம் வரியும் இல்லாமல் புது எண் ஒன்று வந்துவிட்டால் பைடார்ச் `IndexError: index out of range in self` என்று நின்றுவிடும். அது நல்லது, குறைந்தபட்சம் சொல்லிவிட்டாவது நிற்கிறது.

இந்த நெடுவரிசை உண்மையிலேயே உதவுகிறதா என்று அறியவும் அதே 0-ஆம் வரி பயன்படும். சரிபார்ப்புத் தரவில் எல்லாக் கடை எண்ணையும் 0 ஆக்கிவிட்டுப் பிழையை அளந்து பாருங்கள். பிழை ஏறவில்லை என்றால் அந்த அட்டவணை சும்மா சோறு தின்கிறது. ஆனால் சரிபார்ப்புத் தரவை எப்படிப் பிரித்தோம் என்பதில் கவனம் வேண்டும். பத்து லட்சம் வரியைக் கலக்கிப்போட்டு அதில் பத்தில் ஒன்றை எடுத்தால், 262-ஆம் கடையின் புதன்கிழமையைக் கணிக்க அதன் செவ்வாயும் வியாழனும் பயிற்சியில் இருக்கும். குவோவும் பெர்க்ஹானும் கலக்கிப் பிரித்தும் தேதிவாரியாகப் பிரித்தும் இரண்டு விதமாகவும் அளந்தார்கள். தேதிவாரியாகப் பிரித்தபோது பிழை கூடியது. ரோஸ்மன் கேட்டது வரப்போகும் ஆறு வாரத்தை. ஆகவே கடைசி ஆறு வாரத்தை எடுத்து வைத்து அளப்பதுதான் நேர்மை.

1,116-ஆவது கடை அடுத்த மாதம் திறக்கிறது என்றால்? அதற்கு வரி கிடையாது. எத்தனை பெரிய வலையானாலும் பார்க்காத எண்ணைப் பற்றி எம்பெடிங் எதுவும் சொல்லாது. 0-ஆம் வரியைக் கொடுத்துத் தொடங்கலாம். கடையின் வகை, மாநிலம் போன்றவை தெரியும் என்றால், அதே வகையில் அதே மாநிலத்தில் உள்ள கடைகளின் வரிகளைச் சராசரி எடுத்து அதைத் தொடக்கமாக வைப்பது இன்னும் நல்லது. கடை திறந்து சில வாரம் ஆனதும் வலையின் மற்ற எடைகளையெல்லாம் அசையாமல் பூட்டிவிட்டு, இந்த ஒரு வரியின் பத்து எண்களை மட்டும் புதிய விற்பனையை வைத்துப் பயிற்றுவிக்க முடியும். ஞாயிற்றுக்கிழமையும் திறக்கிற கடை என்றால், 262-ஐப் போன்ற கடைகளின் பக்கம் அந்த எண்கள் நகர்கின்றனவா என்று வாராவாரம் பார்த்துக்கொள்ளலாம்.